அணு இறங்கும் கணக்கு

கண்ணாடிக் குப்பி ஒன்றுக்குள் ருபிடியம் ஆவி மிக மெல்லியதாக அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி ஒரு கணம் பாய்கிறது. கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் ஆழ்ந்த சிவப்பு அது. ஒளியை விழுங்கிய அணு ஒரு படி மேலே ஏறுகிறது. லேசரை நிறுத்திவிட்டால் அணு தன் போக்கில் கீழே இறங்கும். இறங்கும்போது ஒரே ஒரு ஒளித்துகளை, அதாவது ஒரு போட்டானை, ஏதோ ஒரு திசையில் வீசிவிடும். பக்கத்தில் நிற்கும் உணர்கருவியில் அந்தப் போட்டான் விழுந்தால் ஒரு துடிப்பு பதிவாகும். லேசர் நின்ற கணத்திலிருந்து அந்தத் துடிப்பு வர எத்தனை நானோ வினாடி ஆயிற்று என்று கடிகாரம் குறித்துக்கொள்ளும். ஒரு நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இதையே லட்சக்கணக்கான முறை செய்து, எந்த நேரத்தில் எத்தனை துடிப்புகள் என்று வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். தொடக்கத்தில் ஒரு நேரக்கட்டத்தில் 10,000 துடிப்புகள் விழுந்தன என்று கொள்வோம். 26.2 நானோ வினாடி கழித்து அதே அளவு கட்டத்தில் சுமார் 3,680 விழும். இன்னொரு 26.2 கழிந்தால் 1,350. மேலும் ஒரு 26.2 கழிந்தால் 500. ஒவ்வொரு முறையும் இருந்ததில் 37 சதவீதம்தான் மிச்சம். கணிதத்தில் இதை அடுக்குக்குறிச் சிதைவு என்பார்கள். செங்குத்து அச்சை மடக்கை அளவில் மாற்றிவிட்டால் வளைகோடு நேர்கோடாகிவிடும். அந்தக் கோட்டின் சரிவே அணுவின் ஆயுளைச் சொல்லும்.

ருபிடியத்துக்கு அந்த ஆயுள் 26.2 நானோ வினாடி. அதன் தலைகீழ், வினாடிக்கு சுமார் 3.8 கோடி என்ற எண். இறங்கும் வேகத்தைச் சொல்லும் இந்த எண்ணுக்கு காமா (Γ) என்று பெயர்.

கதிரியக்கப் பாடத்தில் யுரேனியத்துக்கும் இதே விதியைத்தான் படித்திருப்போம். விதிக்குள் இருக்கும் செய்தி, அணுவுக்கு வயது ஏறாது என்பதுதான். ஐந்து வருஷம் ஓடிய டயருக்கும் கடையிலிருந்து வந்த புது டயருக்கும் அடுத்த மாதம் வெடிக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. அணு அப்படியில்லை. நூறு நானோ வினாடியாக இறங்காமல் மேலேயே காத்திருக்கும் அணுவுக்கும் இப்போதுதான் ஏறிய அணுவுக்கும் அடுத்த நானோ வினாடியில் இறங்கும் வாய்ப்பு ஒன்றேதான். 1916இல் ஐன்ஸ்டைன் இந்த வாய்ப்பை ஓர் எண்ணாக எழுதிவைத்தார். 1927இல் டிராக் அந்த எண்ணைக் குவாண்டம் கொள்கையிலிருந்து கணக்கிட்டார். 1930இல் வைஸ்கோஃபும் விக்னரும் அடுக்குக்குறி வடிவமே எப்படி வருகிறது என்று காட்டினார்கள்.

அப்படியானால் வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். மேலே இருப்பவை இந்த வேகத்தில் குறையும், குறைந்தவை கீழே சேரும், அவ்வளவுதானே? மேல், கீழ் என்ற இரண்டு நிலைகள் மட்டுமே அணுவுக்கு வாய்க்கும் என்றால் அது போதும். ஆனால் குவாண்டம் அணு இரண்டிலும் ஒருசேர இருக்க முடியும். லேசர் துடிப்பைச் சரியாகப் பாதி நேரத்தில் வெட்டிவிட்டால், அடிநிலைக்குப் பாதி, கிளர்நிலைக்குப் பாதி என்ற மேற்பொருந்தல் உண்டாகும். அந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு கட்ட உறவு இருக்கிறது. இரண்டு அலைகள் கைகோத்து ஆடும்போது ஒன்று மற்றதற்கு எவ்வளவு முந்துகிறது என்பதைப் போன்ற தகவல் அது. அணு இறங்கும்போது அந்த உறவுக்கு என்ன ஆகிறது? இந்தக் கேள்விக்கு ஐன்ஸ்டைனின் எண் மட்டும் பதில் சொல்லாது.

பதில் சொல்ல, நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சிறு அட்டவணை வேண்டும். அடர்த்தி அணி என்று பெயர். எழுதுவது ரோ (ρ) என்ற எழுத்தால். மூலைவிட்டத்தில் உள்ள இரண்டு கட்டங்கள் நிகழ்தகவுகள்: கிளர்நிலையில் இருக்கும் வாய்ப்பு, அடிநிலையில் இருக்கும் வாய்ப்பு. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 1. குறுக்கே உள்ள மற்ற இரண்டு கட்டங்கள் கட்ட உறவைச் சுமக்கின்றன. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம் என்பதால் ஒன்றைத் தெரிந்துகொண்டாலே போதும். இந்த நான்கு கட்டங்களும் நேரத்தோடு எப்படி மாறும் என்று சொல்வதுதான் மாஸ்டர் சமன்பாடு:

dρ/dt = −(i/ħ)[H, ρ] + Γ(σρσ† − ½σ†σρ − ½ρσ†σ)

பார்க்கப் பயமுறுத்தினாலும் இதில் இருப்பது இரண்டே வேலைகள். முதல் பகுதி, அணுவைத் தனியே விட்டால் நடக்கும் சீரான சுழற்சி. ருபிடியத்தில் அந்தச் சுழற்சி வினாடிக்கு 384 லட்சம் கோடி முறை. இரண்டாம் பகுதிதான் இறக்கம். அதில் வரும் சிக்மா (σ), கிளர்நிலையை அடிநிலையாக மாற்றும் செயலி. அடைப்புக்குள் இருக்கும் முதல் உறுப்பு, இறங்கி வந்ததை அடிநிலையின் கட்டத்தில் வரவு வைக்கிறது. பின்னால் வரும் இரண்டு அரைகளும் கிளர்நிலையிலிருந்து பற்று எழுதுகின்றன. ஒன்று இடப்பக்கம் நின்று, மற்றது வலப்பக்கம் நின்று.

அந்த இரண்டு அரைகளில்தான் விஷயமே இருக்கிறது. கிளர்நிலையின் நிகழ்தகவுக் கட்டத்துக்கு இடமும் கிளர்நிலை, வலமும் கிளர்நிலை. ஆகவே இரண்டு அரைகளும் அதன் மேல் வேலை செய்கின்றன. அது முழு காமா வேகத்தில் குறைகிறது. குறுக்குக் கட்டத்துக்கு ஒரு பக்கம் கிளர்நிலை, மறுபக்கம் அடிநிலை. அதன் மேல் ஓர் அரை மட்டுமே வேலை செய்யும். எனவே கட்ட உறவு காமாவின் பாதி வேகத்தில்தான் தேய்கிறது. நிகழ்தகவின் ஆயுள் 26.2 நானோ வினாடி என்றால் கட்ட உறவின் ஆயுள் அதன் இரு மடங்கு, 52.4 நானோ வினாடி.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இது கையில் பிடிபடும். பாதிக்குப் பாதி மேற்பொருந்தலில் தொடங்குவோம். தொடக்கத்தில் கிளர்நிலை 0.5, அடிநிலை 0.5, குறுக்குக் கட்டத்தின் அளவும் 0.5. 26.2 நானோ வினாடி கழித்து கிளர்நிலை 0.184 ஆகக் குறைந்திருக்கும். அடிநிலை 0.816 ஆக ஏறியிருக்கும். குறுக்குக் கட்டம் 0.303 ஆகியிருக்கும்.

இப்போது ஒரு சோதனை. குறுக்குக் கட்டத்தின் வர்க்கம், இரண்டு நிகழ்தகவுகளின் பெருக்கற்பலனைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ஏதோ ஓர் அளவீட்டில் எதிர்மறை நிகழ்தகவு வரும் என்று பொருள், அது அபத்தம். நம் எண்களில் வர்க்கம் 0.092, பெருக்கற்பலன் 0.150. சரியாக இருக்கிறது. இதற்குப் பதிலாக, ஐன்ஸ்டைனின் எண்ணை நிகழ்தகவுகளுக்கு மட்டும் பொருத்திவிட்டுக் கட்ட உறவைத் தொடாமல் 0.5 என்றே விட்டிருந்தால்? வர்க்கம் 0.25 ஆகி 0.150ஐத் தாண்டிவிடும். கணக்கை முழுதாகச் செய்தால் ஓர் அளவீட்டின் நிகழ்தகவு −0.09 என்று வந்து நிற்கும். நூற்றுக்கு மைனஸ் ஒன்பது வாய்ப்பு என்று எதுவும் உலகில் கிடையாது. கட்ட உறவு தேயும் வேகத்தைக் காமாவின் பாதிக்குச் சற்றே குறைவாக வைத்தாலும், போதிய நேரம் கழித்து இதே முரண் தலைகாட்டும். ஆக, பாதி வேகம் என்பதுதான் அணு அனுமதிக்கும் மிகக் குறைந்த வேகம். யாரும் விருப்பப்பட்டு வைத்த எண் அல்ல அது.

எதிர்மறை நிகழ்தகவு ஒருபோதும் வரக்கூடாது என்ற இந்த ஒரே நிபந்தனையிலிருந்து இப்படிப்பட்ட சமன்பாடுகளின் பொது வடிவம் முழுவதையும் வருவித்தவர்களில் ஒருவர் ஈ. சி. ஜி. சுதர்சன். 1931இல் கோட்டயத்துக்கு அருகே பள்ளம் என்ற ஊரில் பிறந்தவர். சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். 1980களில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 1961இலேயே பி. எம். மேத்யூஸ், ஜெயசீதா ராவ் ஆகியோருடன் சேர்ந்து, அடர்த்தி அணி காலப்போக்கில் எப்படியெல்லாம் மாறலாம், எப்படி மாறக் கூடாது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். 1976இல் இத்தாலியரான கோரினி, போலந்துக்காரரான கொசகோவ்ஸ்கி ஆகியோருடன் இணைந்து பொது வடிவத்தை வெளியிட்டார். அதே ஆண்டு சுவீடனில் லிண்ட்பிளாட் தனியாக அதே முடிவுக்கு வந்தார். பல நூல்களில் இதை லிண்ட்பிளாட் சமன்பாடு என்று மட்டுமே எழுதுகிறார்கள். நான்கு பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

அவர்கள் வைத்த நிபந்தனை நாம் மேலே பார்த்ததைவிட ஒரு படி கடுமையானது. இறங்கும் அணு தூரத்தில் உள்ள, எதிலும் சம்பந்தப்படாத இன்னோர் அணுவோடு குவாண்டம் பிணைப்பில் இருந்தாலும்கூட, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எதிர்மறை நிகழ்தகவு வரக்கூடாது என்பது அது.

சமன்பாடு சொல்லும் இன்னொரு செய்தி, முதலில் கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். அணுவை முழுக்கக் கிளர்நிலையில் தொடங்கிவைத்தால் அதன் நிலை ஐயத்துக்கு இடமில்லாதது. போதிய நேரம் கழித்து அது அடிநிலையில் இருக்கும், அதிலும் ஐயமில்லை. 100 நானோ வினாடியில் கிளர்நிலையில் இருக்கும் வாய்ப்பு 2 சதவீதம். ஒரு மைக்ரோ வினாடியில் அது தசமப் புள்ளிக்குப் பின் பதினாறு பூஜ்யங்கள் போட்ட பிறகே எண் தொடங்கும் அளவுக்குச் சிறிது. ஆனால் நடுவில், 18.2 நானோ வினாடியில், பாதிக்குப் பாதி. கட்ட உறவும் கிடையாது. அந்தக் கணத்தில் அணுவைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது என்றுதான் அடர்த்தி அணி சொல்கிறது. ஒழுங்கின்மை பூஜ்யத்திலிருந்து உச்சத்துக்கு ஏறி, மறுபடி பூஜ்யத்துக்கே இறங்குகிறது.

தெர்மோடைனமிக்ஸ் படித்தவர்கள் இந்த இடத்தில் புருவத்தை உயர்த்துவார்கள். ஒழுங்கின்மை எப்படித் தானாகக் குறையும்? நாம் அணுவை மட்டும் பார்த்து ஒளியைக் கணக்கில் விட்டதுதான் காரணம். 18.2 நானோ வினாடியில் முழு உண்மை இதுதான்: அணு மேலே இருக்கிறது, வெளியே போட்டான் இல்லை, அல்லது அணு கீழே இருக்கிறது, வெளியே ஒரு போட்டான் பறந்துகொண்டிருக்கிறது. இந்த இரண்டின் மேற்பொருந்தல். அணுவையும் ஒளியையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நிலையில் குழப்பம் எதுவுமில்லை. பாதியை மறைத்துவிட்டு மறுபாதியைப் பார்ப்பதால் குழப்பமாகத் தெரிகிறது. கடைசியில் அணு நிச்சயமாகக் கீழே, போட்டான் நிச்சயமாக வெளியே என்றாகும்போது பிணைப்பு அறுந்து அணு மீண்டும் தெளிவாகிறது. மாஸ்டர் சமன்பாடு என்பதே, பறந்துபோன ஒளியைப் பார்க்காதவரின் கணக்கு.

அணு ஏன் அடிநிலையிலேயே போய் நிற்கிறது? சமன்பாட்டில் இறக்கும் உறுப்பு மட்டுமே இருக்கிறது, ஏற்றும் உறுப்பு இல்லை. வெப்பம் இருக்கும் இடத்தில் எல்லாம் சுற்றுப்புறத்திலும் போட்டான்கள் இருக்கும். அவை அணுவை ஏற்றிவிடக் கூடியவைதான். ஆனால் அறை வெப்பத்தில் 780 நானோமீட்டர் போட்டான்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அணு மேலே காணப்படும் வாய்ப்பு ஒன்றுக்குப் பின் இருபத்தாறு பூஜ்யங்கள் போட்டாலும் எட்டாத எண்ணில் ஒரு பங்குக்கும் கீழே. ஆகவே ஏற்றும் உறுப்பைத் துணிந்து விட்டுவிடலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: போனது திரும்பி வராது. வெற்றிடம் எல்லையற்றது, அதற்கு ஞாபகம் கிடையாது, வீசப்பட்ட போட்டான் அணுவை மறுபடி தொடாது. ருபிடியத்தில் இது மிக நல்ல அனுமானம். அது இறங்க எடுத்துக்கொள்ளும் 26.2 நானோ வினாடிக்குள் அதன் ஒளியலை சுமார் ஒரு கோடி முறை ஆடிவிடுகிறது. வெற்றிடம் எதையாவது ஞாபகம் வைத்திருந்தால் அது ஓரிரு ஆட்டங்களுக்குள் மறந்துபோகும்.

ஆனால் குப்பியிலேயே அனுமானம் உடையலாம். ஆவியின் அடர்த்தி கூடினால் ஓர் அணு வீசிய போட்டானைப் பக்கத்து அணு விழுங்கி மறுபடி வீசும். ஒளி உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். உணர்கருவிக்குப் போட்டான்கள் தாமதமாக வந்து சேரும். ஆயுள் உண்மையைவிட நீண்டதாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க வழி எளியது: குப்பியைக் குளிர்வித்து ஆவியைக் குறைத்து மறுபடி அளக்க வேண்டும். எண் மாறினால் முதல் எண் தவறு. எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. ஒவ்வொரு லேசர் துடிப்புக்கும் பல போட்டான்கள் வந்து, கருவி முதலாவதை மட்டும் பதிவுசெய்தால் ஆயுள் குறைந்து தெரியும். அதனால்தான் பல துடிப்புகளுக்கு ஒரு போட்டான் என்ற அளவுக்கு ஒளியை வேண்டுமென்றே மங்கலாக்கி அளக்கிறார்கள். மடக்கை வரைபடத்தின் கோடு கடைசியில் கிடைமட்டமாகப் படுத்துவிட்டால், அறைக்குள் கசியும் வெளிச்சமோ கருவியின் பொய்த் துடிப்புகளோ கலந்திருக்கின்றன என்று பொருள்.

சரிபார்க்க முற்றிலும் வேறான வழியும் இருக்கிறது. கட்ட உறவு பாதி வேகத்தில் தேய்வதால், அணு வீசும் ஒளியின் நிறம் ஒற்றைக் கூர்மையான அதிர்வெண்ணாக இல்லாமல் சற்று அகலமாக இருக்கும். 26.2 நானோ வினாடிக்கு அந்த அகலம் 6.07 மெகாஹெர்ட்ஸ் வர வேண்டும். குப்பிக்குள் அணுக்கள் ஓடித் திரிவதால் டாப்ளர் விளைவு அந்தக் கோட்டை நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸுக்கு விரித்து மறைத்துவிடும். லேசரால் குளிர்வித்து அணுக்களை ஏறக்குறைய நிறுத்திவிட்டால், அடியில் இருக்கும் 6 மெகாஹெர்ட்ஸ் வெளிப்படும். கடிகாரத்தால் அளந்ததும் நிறத்தால் அளந்ததும் ஒத்துப்போகின்றன.

காமா அணுவின் பிறவிக் குணம் என்றுகூட சொல்லிவிட முடியாது. 1985இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹியூலட், ஹில்ஃபர், கிளெப்னர் மூவரும், மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றிய சீசியம் அணுக்களை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஓடவிட்டார்கள். அணு வீச வேண்டிய அலையின் நீளம் சுமார் அரை மில்லிமீட்டர். தகடுகளின் இடைவெளி அந்த அலையின் பாதிக்குக் குறைந்தபோது அலைக்கு நிற்க இடமில்லை. அணு இறங்க முடியாமல் தங்கியது. ஆயுள் குறைந்தது இருபது மடங்கு நீண்டது. சமன்பாடு அதேதான், காமா மட்டும் வேறு.

மிகக் குறுகிய நேரத்தில் அடுக்குக்குறி வடிவமே தவறும். குவாண்டம் கொள்கையின்படி எந்தச் சிதைவும் முதல் கணத்தில் நேர்கோடாகக் குறையத் தொடங்குவதில்லை. நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மிக மெல்லத்தான் தொடங்கும். 1977இல் மிஸ்ராவும் சுதர்சனும் இதை வைத்து, ஓர் அமைப்பை ஓயாமல் கவனித்துக்கொண்டே இருந்தால் அது சிதையவே சிதையாது என்று காட்டி அதற்கு ஸீனோ முரண் என்று பெயரிட்டார்கள். சுதர்சன் பணியாற்றிய ஆஸ்டினிலேயே, டெக்சஸ் பல்கலைக்கழகத்தில், ரெய்சனின் குழு 1997இல் அந்த மெல்லிய தொடக்கத்தைச் சோதனையில் பார்த்தது. அவர்கள் பயன்படுத்தியது ஒளி வீசி இறங்கும் அணுவை அல்ல. லேசர் அலைகளால் கட்டிய குழிகளிலிருந்து ஊடுருவித் தப்பும் குளிர்ந்த சோடியம் அணுக்களை. அங்கே தொடக்கம் மைக்ரோ வினாடிக் கணக்கில் நீள்வதால் பார்க்க முடிந்தது. ருபிடியத்தில் அது ஒளியின் ஓர் ஆட்டத்தைவிடக் குறுகியது.

இதே சமன்பாடு இன்று குவாண்டம் கணினி ஆய்வகங்களில் அன்றாடக் கருவி. மீக்கடத்திச் சுற்றால் செய்த கியூபிட்டும் ஓர் இரு நிலை அணுதான். அதன் அதிர்வெண் சுமார் 5 கிகாஹெர்ட்ஸ். அறை வெப்பத்தில் அந்த அதிர்வெண்ணில் ஒவ்வோர் அலைவடிவத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட போட்டான்கள் இருக்கும். அங்கே ஏற்றும் உறுப்பை விட முடியாது. கியூபிட் மேலும் கீழும் சமமாகக் கலந்துவிடும். அதனால்தான் அதைத் தனிப் பூஜ்யத்துக்கு மேல் கெல்வினில் நூற்றில் இரண்டு பங்கு வரை குளிர்விக்கிறார்கள். அந்த ஆய்வகங்கள் இரண்டு எண்களை வெளியிடும்: நிகழ்தகவின் ஆயுள் T1, கட்ட உறவின் ஆயுள் T2. ருபிடியத்தில் நாம் கண்ட பாதி வேகம்தான் இங்கும் உச்சவரம்பு; T2 அதிகபட்சம் T1இன் இரு மடங்கு. சுற்றுப்புறத்தின் இரைச்சலால் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். எந்த அறிக்கையிலாவது T2 அந்த இரு மடங்கைத் தெளிவாகத் தாண்டியிருந்தால், அதைப் புதிய சாதனையாகக் கொள்ள வேண்டியதில்லை. T1ஐ மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.